உங்களுக்குத் தெரியுமா? லோகோ பைலட் வீட்டு நேரக் கணக்கு

● நொச்சிக்குப்பத்திலிருந்து பொடிநடையாகப் போனால் கலங்கரை விளக்கம் பறக்கும் ரயில் நிலையம். அங்கே வேளச்சேரி வண்டியை ஓட்டி வரும் மோட்டார்மேன் வேலைக்கு நேரடியாக ஆள் எடுப்பதில்லை. உதவி லோகோ பைலட்டாகச் சேர்ந்து, சரக்கு வண்டி ஓட்டி, அப்புறம்தான் அந்த இருக்கை. பெரும்பாலும் டூட்டி முடிந்ததும் சொந்த வீட்டிலேயே தூங்கலாம் என்பதால் அதற்குத் தனி மவுசு!

● உதவி லோகோ பைலட் ஆகப் பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. போதும். ஆனால் கண்ணாடி போடாமல் இரு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும், நிறக்குருடு கூடாது. கண்ணாடியைக் கழற்ற லேசர் அறுவை செய்துகொண்டவருக்கும் இந்த வேலை கிடையாது. பரீட்சையெல்லாம் பாஸ் செய்துவிட்டு மருத்துவத்தில் வெளியே வருகிறவர்கள் உண்டு.

● சரக்கு வண்டிக்காரருக்கு ஞாயிறு, திங்கள் என்று கிழமை கிடையாது, ரெஸ்ட்தான் உண்டு. 8 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வெளியூர் ரன்னிங் ரூமில் 8 மணி, சொந்த ஊரில் 16 மணி ஓய்வு. ஒரு கணக்குப் போடுவோம். சென்னையில் மாலை 6 மணிக்கு ஏறியவர் விடிகாலை 3 மணிக்கு ஜோலார்பேட்டையில் இறங்குகிறார். ரன்னிங் ரூமில் சாப்பிட்டுத் தூங்கி, காலை 11-க்குத் திரும்பும் வண்டி. இரவு 8-க்கு சென்னை. மறுநாள் பகல் 12-க்கு மேல் எந்த நேரமும் அழைப்பு வரலாம். அந்த 16 மணிக்குள் தூக்கம், ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அடங்க வேண்டும். முன்பு ‘கால் பாய்’ புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டுவார். இப்போது போன்.

● வார ஓய்வு மாதம் நாலு முறை 30 மணி, அல்லது ஐந்து முறை 22 மணி. அந்த 30-க்குள் 16-ம் அடக்கம் என்கிறது நிர்வாகம். கூட்டி 46 தா என்கிறது சங்கம். இரண்டுக்கும் வித்தியாசம் வீட்டில் ஒரு முழு இரவு. சங்கம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

● விண்ணப்பத்தில் ஒரே ஒரு ரயில்வே தேர்வு வாரியத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம். காலியிடம் அதிகம் என்று மும்பையையோ செகந்திராபாத்தையோ போட்டால், வேலையும் அந்தப் பக்கம்தான். பிறகு சென்னைக்கு வர இரண்டு வழி. ஒன்று, ‘ஓன் ரிக்வெஸ்ட்’: வந்து சேரும் இடத்தில் சீனியாரிட்டி அடிமட்டத்துக்கு இறங்கும், பதவி உயர்வு தள்ளிப்போகும். மற்றது ‘மியூச்சுவல்’: இங்கிருந்து அங்கே போகச் சம்மதிக்கும் ஜோடி ஒருவர் கிடைக்க வேண்டும். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகுதான் பலர் அந்த ஜோடியைத் தேட ஆரம்பிக்கிறார்கள். வாரியத்தை டிக் செய்யும் முன் வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.