ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி உண்டா? 26-ஆ, 30-ஆ? சம்பளக் கவரில் ஒளிந்திருக்கும் கணக்கு!

கீழ்பென்னாத்தூர்,

சனிக்கிழமை சாயங்காலம். திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி போகும் சாலையில் பஸ்சுக்கு பஸ் கூட்டம். வாரக் கூலியை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறவர்கள்தான் அதில் பாதிப்பேர். "மறுநாள் லீவு" என்ற சந்தோஷம் ஒருபக்கம். "லீவு நாளுக்குக் காசு இல்லையே" என்ற கவலை மறுபக்கம்.

அந்த ஒரு நாள் லீவுக்குள்தான் மாதம் ஆயிரக்கணக்கான ரூபாய் கணக்கு ஒளிந்திருக்கிறது. "குறைந்தபட்ச கூலிக்கு மேலேயே கொடுக்கிறேன்" என்று முதலாளி சொல்வார். "கைக்கு வர்றது குறையுதே" என்று தொழிலாளி சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பெருக்குகிற எண்தான் வேறு வேறு!

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். இதில் வரும் ஆளும் கடையும் ரூபாயும் கணக்குப் புரிவதற்காகச் சொல்வது.

சிமெண்டு கடைத் தொழிலாளி

கீழ்பென்னாத்தூரில் ஒரு சிமெண்டு, கம்பிக் கடை. அங்கே மூட்டை இறக்கி ஏற்றும் தொழிலாளிக்குத் தினக்கூலி 450 ரூபாய். வாரத்தில் 6 நாள் வேலை. ஞாயிறு லீவு. அவர் செய்யும் வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச சம்பளம், பஞ்சப்படியும் சேர்த்து, மாதம் 13 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் தொழிலாளி தயங்கித் தயங்கிக் கேட்கிறார்.

"மொதலாளி, கவர்மெண்டு போட்ட சம்பளத்துக்கு என் கூலி கம்மியா இருக்குன்னு சொல்றாங்களே?"

"யாருப்பா சொன்னது? 450-ஐ 30-ஆல பெருக்கிப் பாரு. 13 ஆயிரத்து 500. கவர்மெண்டு சொன்னதுக்கு 500 ரூபா கூடவே தர்றேன்!"

"ஆனா மொதலாளி, போன மாசம் என் கைக்கு வந்தது 11 ஆயிரத்து 700 தானே?"

"நீ 26 நாள்தானே வந்தே? வராத நாளுக்கு எப்படிக் காசு குடுக்கிறது?"

இங்கேதான் முடிச்சு விழுகிறது. சட்டத்துக்குக் கணக்குக் காட்டும்போது முதலாளி 30-ஆல் பெருக்குகிறார். கவரில் பணம் போடும்போது 26-ஆல் பெருக்குகிறார். ஒரே மனிதர், ஒரே மாதம், இரண்டு வாய்ப்பாடு!

26 எங்கிருந்து வந்தது?

வருஷத்துக்கு 365 நாள். அதில் வார லீவு 52. மிச்சம் 313 நாள் வேலை. அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் 26-க்குக் கொஞ்சம் கூட வரும். அதனால்தான் மாதச் சம்பளத்தை நாள் கூலியாக மாற்றும்போது 26-ஆல் வகுக்கிறார்கள். அப்படி வகுக்கும்போது, 4 ஞாயிற்றுக்கிழமைக்கான கூலியும் அந்த 26 வேலை நாளுக்குள் அடங்கிவிடுகிறது.

நம் சிமெண்டு கடைத் தொழிலாளிக்கு 13 ஆயிரத்தை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500 ரூபாய். அவர் வாங்குவது 450. நாளுக்கு 50 ரூபாய் குறைகிறது. 26 நாளுக்கு 1,300 ரூபாய்! கைக்கு வந்த 11,700-உடன் இந்த 1,300-ஐக் கூட்டினால் சரியாக 13 ஆயிரம் வருகிறது. கணக்கு நேராகிவிட்டது.

மத்திய அரசும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. 2024 அக்டோபர் முதல் தேதியில் இருந்து, மத்திய அரசு வரம்பில் வரும் கட்டிட வேலை, சுமை தூக்கும் வேலை போன்றவற்றில், பெரிய நகரங்களில் தேர்ச்சி இல்லாத தொழிலாளிக்கு நாளுக்கு 783 ரூபாய், மாதத்துக்கு 20,358 ரூபாய் என்று அறிவித்தார்கள். 783-ஐ 26-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு பைசா பிசகாமல் 20,358 வரும்.

அப்படியானால் 30 தப்பா?

தப்பு இல்லை. அதற்கும் இடம் உண்டு. தமிழக அரசு வெளியிடும் குறைந்தபட்ச கூலி அரசாணைகள் பலவற்றின் கடைசியில் குறிப்புகள் இருக்கும். யாரும் படிக்காத இடம்! மாதச் சம்பளத்தை நாள் கூலியாக மாற்ற 26-ஆல் வகுக்க வேண்டும், நாள் கூலியை மாதச் சம்பளமாக மாற்ற 30-ஆல் பெருக்க வேண்டும் என்று அங்கே இரண்டு வழியும் சொல்லப்பட்டிருக்கும்.

30-ஆல் பெருக்குவது என்றால் என்ன அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமைக்கும் கூலி உண்டு என்று அர்த்தம். கணக்கில் மட்டும் 30 நாள் காட்டிவிட்டு, கவரில் 26 நாள் போடுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் தொழிலாளி வேலை பார்ப்பது கடையில். தமிழ்நாட்டில் கடைகளுக்கு என்று 1947-ஆம் ஆண்டு சட்டம் ஒன்று இருக்கிறது. கடைச் சிப்பந்திக்கு வாரம் ஒரு முழு நாள் லீவு தரவேண்டும், அந்த லீவுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. லீவு நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற ஏற்பாட்டில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், அந்த நாளுக்கும் கூலி தரவேண்டும் என்கிறது. வாரத்தில் 6 நாளுக்குக் குறைவாக வேலை பார்ப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது.

ஆக, முதலாளி சொன்ன 13,500 ரூபாய் சரியான தொகைதான். ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. 4 ஞாயிற்றுக்கிழமைக்கு 450 வீதம் 1,800 ரூபாயைக் கவரில் போடவேண்டும். 11,700-உடன் 1,800 சேர்ந்தால்தான் 13,500.

கடை அல்லாத வேலைகளில் நிலைமை கொஞ்சம் மாறும். 1950-ஆம் ஆண்டு மத்திய விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லின. பொதுவாக ஓய்வு நாளுக்கும் கூலி உண்டு. ஆனால் நாள் கூலியே மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துப் போட்டதாக இருந்தால், ஓய்வு நாளுக்குத் தனியாகக் கூலி இல்லை. ஆகவே அரசாணையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அதில் போட்டிருப்பது மாதச் சம்பளமா, நாள் கூலியா?

மாதம் குறைந்தால் புகார் ஆகுமா?

எல்லா மாதமும் 26 வேலை நாள் வராது. பிப்ரவரியில் 28 நாள் வந்தால் வேலை நாள் 24 தான். 31 நாள் மாதத்தில் 4 ஞாயிறு வந்தால் வேலை நாள் 27. நாளுக்கு 500 ரூபாய் வாங்குகிறவருக்கு பிப்ரவரியில் 12 ஆயிரம்தான் வரும். "13 ஆயிரம் வரவில்லையே" என்று பதற வேண்டாம். 27 நாள் மாதத்தில் 13,500 வந்துவிடும். வருஷம் முழுவதும் கூட்டினால் 313 நாளுக்கு 1,56,500 ரூபாய். 13 ஆயிரத்தை 12-ஆல் பெருக்கினால் 1,56,000. ஏறக்குறைய சரிக்குச் சரி.

அதேபோல் சொந்தக் காரியமாக ஊருக்குப் போய் 4 நாள் வராமல் இருந்தால், அந்த நாளுக்குக் கூலி கேட்க முடியாது. மாதக் கடைசியில் மொத்தம் குறைந்துவிட்டது என்பதால் மட்டும் சட்டம் மீறப்பட்டதாக ஆகாது. முதலில் ஒப்பிட வேண்டியது நாள் கூலியைத்தான்.

ஆனால் வேலைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது வேறு விஷயம்.

"லோடு வரலைப்பா. மத்தியானமே கிளம்பு" என்று சொல்லி அரைக்கூலியைக் கையில் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். வேலை கொடுக்காதது முதலாளி தரப்புக் குறை என்றால், வந்த அந்த நாளுக்கு முழுக்கூலி என்பது 1948-ஆம் ஆண்டு சட்டத்திலேயே இருந்தது. தொழிலாளி தானாக வேலை செய்ய மறுத்துப் போனால் அது கிடையாது. மாதத்தில் 4 நாள் இப்படி அரைக்கூலி ஆனால், நாளுக்கு 500 வாங்குகிறவருக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம்!

ஞாயிற்றுக்கிழமை அவசர லோடு வந்து கூப்பிட்டால்? ஓய்வு நாளில் வாங்கும் வேலைக்கு ஓவர்டைம் விகிதத்துக்குக் குறையாமல் கூலி. ஓவர்டைம் என்றால் இரட்டிப்பு. "நாளைக்கும் வந்துடு, அதே 450 தர்றேன்" என்பது சட்டக் கணக்கு அல்ல.

சட்டம் மாறிவிட்டதே?

1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச கூலிச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் முடிந்து, அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. வார ஓய்வு, ஓய்வு நாள் வேலைக்கு ஓவர்டைம் கூலி, திருப்பி அனுப்பினால் முழுக்கூலி ஆகியவை அதிலும் இருக்கின்றன. பழைய சட்டத்தின் கீழ் வந்த அரசாணைகளும், புதிய சட்டத்துக்கு முரண்படாத வரை தொடரும். 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளிலும், நாள் கூலியை மாதமாக்க அதே 26 தான்.

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. குறைந்த கூலிக்குப் பாக்கி கேட்டு மனுப் போட முன்பு 6 மாதம்தான் கெடு. இப்போது 3 வருஷம். நம் தொழிலாளிக்கு மாதம் 1,300 வீதம் 3 வருஷம் குறைந்திருந்தால் பாக்கி 46,800 ரூபாய்! அதோடு நஷ்டஈடும் போட அதிகாரம் உண்டு. கடைக்காரர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது.

டைரியில் நாலு கட்டம்

மனுப் போனால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை நாள் வேலை பார்த்தாய்?" என்பதுதான். மஸ்டர் ரோல் முதலாளியிடம் இருக்கும். தொழிலாளியிடம் ஒன்றுமே இருக்காது.

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம் என்று நாலு கட்டம் போட்டு அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டும். ஞாயிறு வேலை பார்த்தால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். அரை நாளில் அனுப்பினால் யார் அனுப்பியது என்பதையும் எழுத வேண்டும். பணம் வங்கி மூலமோ, செல்போன் மூலமோ வந்தால் அதுவே சாட்சி.

தன் வேலைக்கு என்ன சம்பளம் என்பதைத் திருவண்ணாமலையில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேட்கலாம். கேட்கும்போது இந்த வருஷத்துக் கணக்கா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் மாறும். போன வருஷத்துத் தாளை வைத்து இந்த வருஷம் வாதாட முடியாது.

நம் சிமெண்டு கடைக்குத் திரும்புவோம். தொழிலாளி நோட்டைக் காட்டுகிறார். முதலாளி கால்குலேட்டரைத் தட்டுகிறார். 30-ஆல் பெருக்கினால் ஞாயிறுக்கு 1,800 கொடுக்க வேண்டும். 26-ஆல் வகுத்தால் நாள் கூலியை 500 ஆக்க வேண்டும். கடைச் சட்டத்தின் ஞாயிறு அப்போதும் வாசலில் நிற்கும்.

"இன்னாப்பா இது, எந்தப் பக்கம் போனாலும் செலவாவுது?"

"செலவு இல்ல மொதலாளி. பாக்கி!"