டாக்டரின் வாய்ஸ் நோட் டு ஒரு பக்க ரிவிஷன் தாள்: ரத்தசோகைக்கான காரணங்களை ‘அ, இ, உ’வில் அடக்குவது எப்படி?

வார்டு ரவுண்ட்ஸ் முடிந்ததும் சீனியர் டாக்டரிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வரும். மருத்துவ மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இது பழகிய விஷயம். ஐந்து நிமிட ஆடியோவில் பாடப்புத்தகத்தில் இல்லாத அனுபவம் இருக்கும். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில், “அந்த பாயிண்ட் எந்த நிமிஷத்துல சொன்னார்?” என்று தேடி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அதை ஒரே பக்கத்துக்குச் சுருக்குவது எப்படி? ரத்தசோகையை வைத்தே பார்ப்போம்.

ஏன் ரத்தசோகை?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21), இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள கரையாம்புத்தூர் போன்ற ஓர் ஊருக்கு கிராமப்புறப் பயிற்சிக்குப் போகும் ஹவுஸ் சர்ஜன், ‘ஹீமோகுளோபின் கம்மி’ என்ற ரிப்போர்ட்டைப் பார்க்காமல் ஒரு நாள்கூட கடக்காது. சிக்கலும் அங்கேதான். அடிக்கடி பார்ப்பதால், காரணம் கேட்காமலே கை இரும்புச்சத்து மாத்திரையை எழுதிவிடும்.

வாய்ஸ் நோட்டில் என்ன இருக்கும்?

ஓர் உதாரணத்துக்கு, அப்படியொரு ஊரில் வேலை பார்க்கும் மருத்துவர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“பாருப்பா, ஹீமோகுளோபின் கம்மிங்கிறது நோய் இல்ல, அடையாளம். ரத்தம் வெளிய போகுதா, உள்ளேயே உடையுதா, இல்ல தயாராகவே இல்லையான்னு கேளு. அப்புறம் எம்சிவி பாரு. எண்பதுக்குக் கீழயா, நூறுக்கு மேலயா? சின்ன செல்லா இருந்தா எல்லாமே அயர்ன் இல்ல, தலசீமியா ட்ரெய்ட்டும் வரும். ஆங், இன்னொண்ணு, பி12 கம்மியா இருக்கிறவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் குடுத்துடாத. முக்கியமா, அம்பது வயசு ஆம்பளைக்கு அயர்ன் கம்மின்னா மாத்திரை எழுதி அனுப்பிடாத. எங்க ரத்தம் போகுதுன்னு தேடு.”

பேச்சு அவருக்கு நினைவுக்கு வந்த வரிசையில் போகிறது. தாளில் இருக்க வேண்டியது, நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேள்விகள் எழும் வரிசை. இந்த வரிசை மாற்றம்தான் வேலையில் பாதி.

முதல் வேலை: எழுதுவது, எண்களைச் சரிபார்ப்பது

முதல் முறை கேட்கும்போது எதையும் சுருக்காமல் அப்படியே எழுத வேண்டும். இரண்டாம் முறை கேட்கும்போது ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட வேண்டும். ஆடியோவில் எளிதாகத் தவறுவது எண்தான். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஃபேன் சத்தத்தில் ஒன்றுபோலவே கேட்கும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை 50 என்று எழுதிக்கொண்டால், அந்தத் தவறு தாள் இருக்கும்வரை கூடவே வரும். வட்டமிட்ட எண்களைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே தாளில் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று: டாக்டர் பேச்சுவாக்கில் ஒரு நோயாளியின் பெயரையோ தெருவையோ சொல்லியிருக்கலாம். சின்ன ஊரில் தெருப்பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தாளில் அது வேண்டாம். வயதும் பாலினமும் போதும்.

இரண்டாவது: சுட்டெழுத்தில் மூன்று காரணங்கள்

டாக்டர் சொன்ன முதல் மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிப் பார்த்தால், பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்த சுட்டெழுத்துகள் அப்படியே கிடைக்கின்றன.

அ – அழிவு. சிவப்பணுக்கள் தங்கள் ஆயுளான சுமார் 120 நாட்களுக்கு முன்பே உடைகின்றன.
இ – இழப்பு. அதிக மாதவிடாய், மூலம், குடல்புண், கொக்கிப்புழு.
உ – உற்பத்திக் குறைவு. இரும்பு, பி12, ஃபோலேட் இல்லை, அல்லது சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ ஒத்துழைக்கவில்லை.

அது, இது, உது என்று பொருளைச் சுட்டும் எழுத்துகள் இங்கே காரணத்தைச் சுட்டுகின்றன. ஆனால் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் பயனில்லை. எதை வைத்துப் பிரிப்பது என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு கேள்விகள் போதும். புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களின் எண்ணிக்கை, அதாவது ரெட்டிகுலோசைட் கவுன்ட், கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது. எனவே ‘அ’ அல்லது ‘இ’. கூடவில்லை என்றால் ‘உ’. அடுத்து, கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, பிலிருபின் ஏறியிருக்கிறதா? ஆம் என்றால் ‘அ’ பக்கம் சாய்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. ரத்தம் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போனால், கூடவே இரும்பும் காலியாகிவிடும். இரும்பில்லாமல் மஜ்ஜையால் புதிய அணுக்களை உருவாக்க முடியாது. அப்போது ரெட்டிகுலோசைட் கூடாது. பார்வைக்கு ‘உ’ மாதிரியே இருக்கும். அசல் காரணம் ‘இ’. இதைத் தாளில் ‘உ’விலிருந்து ‘இ’க்கு ஓர் அம்புக்குறியாகப் போட வேண்டும்.

மூன்றாவது: ‘டெயில்ஸ்’

சிவப்பணுவின் சராசரி அளவுதான் எம்சிவி. 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. 80-க்குக் கீழ் போனால், மருத்துவ மாணவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஆங்கிலச் சூத்திரம் ‘டெயில்ஸ்’. டி – தலசீமியா, ஏ – நாள்பட்ட நோயால் வரும் ரத்தசோகை, ஐ – இரும்புக் குறைபாடு, எல் – ஈய நச்சு, எஸ் – சிடரோபிளாஸ்டிக் ரத்தசோகை.

சொல்ல எளிது. ஆனால் ஐந்து எழுத்துக்கும் ஒரே எடை இருப்பதுபோல் அது காட்டுகிறது. கிராமத்து ஓபி-யில் நடப்பது வேறு. பெரும்பாலும் ‘ஐ’தான் வரும், ‘எஸ்’ஸைப் பார்க்காமலே பயிற்சி முடிந்துவிடலாம். அதனால் தாளில் ‘ஐ’யைப் பெரிதாகவும், ‘டி’யை அடுத்தும், மற்றவற்றைச் சிறிதாகவும் எழுதுவது நல்லது. ‘ஏ’ பக்கத்தில் ஒரு குறிப்பும் வேண்டும்: நாள்பட்ட நோயில் அணுக்களின் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், சிலருக்குத்தான் சிறுக்கும்.

‘ஐ’யையும் ‘டி’யையும் பிரிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எம்சிவியை சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுக்க வேண்டும். இதற்கு மென்ட்சர் இண்டெக்ஸ் என்று பெயர். எம்சிவி 66, எண்ணிக்கை 5.5 என்றால் விடை 12. இது 13-க்குக் கீழ் என்பதால் தலசீமியா ட்ரெய்ட் இருக்கலாம். எம்சிவி 72, எண்ணிக்கை 4 என்றால் விடை 18. இது இரும்புக் குறைபாட்டின் பக்கம். காரணம் எளிது: ட்ரெய்ட் உள்ளவர்களுக்கு அணுக்கள் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவதில்லை.

இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்கு மட்டுமே, தீர்ப்பு கிடையாது. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உறுதிசெய்ய ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனையும் தேவை. கர்ப்பிணிக்கு ட்ரெய்ட் உறுதியானால் கணவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் தீவிர தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ‘அயர்ன் மாத்திரை எழுதியாச்சு’ என்று ஃபைலை மூடினால் தவறிப்போவது இதுதான்.

எங்கே சூத்திரம் வேண்டாம்?

100-க்கு மேல் போகும் பெரிய செல்களுக்கும் ஆங்கிலத்தில் சூத்திரங்கள் உண்டு. ஆனால் நம் வாய்ஸ் நோட்டில் அதற்கு வந்தது ஒரே ஒரு எச்சரிக்கை. அதற்குச் சூத்திரம் தேடினால் எழுத்துகள் மனதில் நிற்கும், எச்சரிக்கை நழுவிவிடும். எனவே முழு வாக்கியமாகவே எழுதலாம்: ‘பி12 குறைபாட்டில் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், நரம்புப் பாதிப்பு தொடரும்.’ ரிப்போர்ட் நன்றாகிக்கொண்டே போகும், நோயாளிக்குக் கால் மரத்துக்கொண்டே போகும். இதை எந்தச் சுருக்கெழுத்தும் சொல்லாது.

கடைசி வேலை: ஒரு கேஸை ஓட்டிப் பார்ப்பது

தாளை மூடிவைத்துவிட்டு ஒரு மாதிரி கேஸ். 52 வயது விவசாயி. நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 8.2, எம்சிவி 68, சிவப்பணு 3.9 மில்லியன்.

செல் சிறியது, எனவே டெயில்ஸ். 68-ஐ 3.9-ஆல் வகுத்தால் சுமார் 17, அதாவது ‘ஐ’ பக்கம். ஃபெரிட்டின் 6, இரும்புக் குறைபாடு உறுதி. இங்கே பேனாவை மூடிவிட்டால் தாள் தோற்றுவிட்டது. ‘உ’விலிருந்து ‘இ’க்குப் போட்ட அம்பு ஞாபகம் வர வேண்டும். மாதவிடாய் இல்லாத ஒருவருக்கு இரும்பு எங்கே போனது? மலம் கறுப்பாகப் போகிறதா, மூட்டு வலிக்கு நெடுநாளாக வலி மாத்திரை சாப்பிடுகிறாரா, எடை குறைந்ததா? பதில் எல்லாம் ‘இல்லை’ என்றாலும், எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்கு அவரை அனுப்ப வேண்டும். இந்த வயதில் இரும்புக் குறைபாடு, குடல் புற்றுநோயின் முதல் தடயமாக இருக்கக்கூடும். மாத்திரையைத் தொடங்கலாம், தேடலை நிறுத்தக் கூடாது.

கேஸ் அந்த அம்புவரை போனால் தாள் சரி. ‘ஐ’யிலேயே நின்றுவிட்டால், அந்த அம்பை இன்னும் தடிமனாக்க வேண்டும்.

தாளுக்கும் எக்ஸ்பைரி உண்டு

முடிந்த தாளைப் பேசிய டாக்டருக்கே திருப்பி அனுப்பி ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்லது. “நான் அப்படிச் சொல்லலையேப்பா” என்ற ஒரு வரி, பல தவறுகளைத் தடுக்கும். மூலையில் தேதியும் இருக்கட்டும், வரையறைகள் மாறுகின்றன. 2018-ல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டம் கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழ் என்றால் ரத்தசோகை என்று வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் அது 10.5. தேர்வில் எந்த எண்ணைக் கேட்கிறார்கள், ஓபி-யில் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று இரண்டையும் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

ஒரு விஷயம்: இது மருத்துவம் படிப்பவர்களுக்கான தாள். உங்கள் சொந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்து டெயில்ஸ் போட்டுப் பார்க்க வேண்டாம். ஆனால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “ஹீமோகுளோபின் கம்மி சரி... ஏன் கம்மி டாக்டர்?”