பதினான்கு விநாடிகள்

2022 மார்ச் மாதம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கல்லூரி மாணவியருக்கான தேசிய நீச்சல் போட்டி நடந்தது. அதில் 500 கெஜ ஃப்ரீஸ்டைலை 4 நிமிடம் 33.24 விநாடியில் நீந்தி முதலிடம் பிடித்தார் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லியா தாமஸ். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற எம்மா வெயன்ட் ஒன்றே முக்கால் விநாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தார். லியா ஒரு திருநங்கை. அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியில் மூன்று பருவங்கள் நீந்தியவர். 2019 மே மாதம் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கியவர்.

அன்றிலிருந்து உலகம் முழுக்க வாதம். "ஆண் உடம்போடு வந்து பெண்களின் பதக்கத்தைப் பறிக்கிறார்" என்றது ஒரு தரப்பு. "விதிப்படி சிகிச்சை எடுத்துவிட்டு வந்தவரை ஏன் துரத்துகிறீர்கள்" என்றது மறு தரப்பு. இரண்டு தரப்பிலும் பேசியவர்களில் பலர் அவருடைய நேரங்களை உட்கார்ந்து பார்க்கவில்லை. நாம் பார்ப்போம்.

ஆண்கள் அணியில் இருந்தபோது இதே தூரத்தில் லியாவின் சிறந்த நேரம் 4 நிமிடம் 18.72 விநாடி. சிகிச்சைக்குப் பிறகு பதினான்கரை விநாடி கூடியிருக்கிறது. ஏறத்தாழ ஐந்தரை சதவீதம் வேகம் குறைந்திருக்கிறது. மருந்து உடம்பை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது இதனால் சரியில்லை. ஆனால் அதே 2022இல் ஆண்கள் பிரிவில் வென்றவர் நீந்திய நேரம் 4 நிமிடம் 6 விநாடிச் சொச்சம். வெயன்ட்டின் நேரத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி பதினொரு சதவீதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இந்த இடைவெளியில் லியா இழந்தது சுமார் பாதி. மீதிப் பாதி அவரிடமே நின்றுவிட்டது என்பது எதிர்ப்பாளர்களின் கணக்கு.

இந்தக் கணக்கில் ஓட்டையும் உண்டு. இது ஒரே ஒருவரின் கதை. இடையில் மூன்று வருடம் கடந்திருக்கிறது. பயிற்சி எப்படி மாறியது என்பது நேரப் பட்டியலில் தெரியாது. அதே போட்டியில் 200 கெஜத்தில் அவர் ஐந்தாம் இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார், 100 கெஜத்தில் எட்டாவதாக வந்தார். 500 கெஜத்தில் கேட்டி லெடக்கியின் சாதனை அவர் நேரத்தைவிட ஒன்பது விநாடி வேகமானது. தொட்டதெல்லாம் வென்றவர் அல்லர் அவர்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் குழப்பம் கொஞ்சம் தெளியும். சிறுவயதில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஓட்டத்திலும் நீச்சலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும்போதுதான் இடைவெளி விரிகிறது. அந்த ஹார்மோன் மூன்று வேலை செய்கிறது: ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, தசையை வளர்க்கிறது, எலும்பை நீட்டுகிறது. பின்னாளில் மருந்தால் ஹார்மோனைக் குறைத்தால் இந்த மூன்றும் ஒரே வேகத்தில் திரும்பிப் போவதில்லை. ஹீமோகுளோபின் மூன்று நான்கு மாதங்களில் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை மெதுவாகத்தான் குறைகிறது. ஒரு வருடத்தில் ஐந்து சதவீதம் அளவுக்கு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தசை வலு மூன்று வருடம் கழித்தும் முழுதாக இறங்குவதில்லை. வளர்ந்த உயரமும் கையின் நீளமும் பாதத்தின் அளவும் திரும்புவதே இல்லை. "ஒரு வருடம் ஹார்மோனைக் குறைத்தால் போதும்" என்ற பழைய விதி ரத்தத்துக்குப் பொருந்தியது, தசைக்கும் எலும்புக்கும் பொருந்தவில்லை.

அமெரிக்க விமானப் படையின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 46 திருநங்கைகள் இருந்தார்கள். சிகிச்சைக்கு முன்பு, ஒன்றரை மைல் ஓட்டத்தில் மற்ற பெண்களைவிட அவர்கள் 21 சதவீதம் வேகமாக இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, தண்டால் எடுப்பதில் இருந்த முன்னிலை மறைந்துவிட்டது. ஓட்டத்தில் மட்டும் 12 சதவீத முன்னிலை நின்றது. ஒரே உடம்பில் ஒரு திறன் போய், இன்னொன்று தங்கியிருக்கிறது. இவர்கள் போட்டி வீராங்கனைகள் அல்லர், படையில் வேலை பார்ப்பவர்கள்.

பயிற்சி எடுக்கும் திருநங்கைகளையே நேரில் சோதித்த ஆய்வு ஒன்று, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிதியில், 2024இல் வெளியானது. கைப்பிடி வலுவில் அவர்கள் மற்ற வீராங்கனைகளை மிஞ்சினார்கள். உடல் எடைக்கு ஏற்ற கணக்கில், மேலே குதிப்பதிலும் மூச்சுத் திறனிலும் பின்தங்கினார்கள். பெரிய எலும்புக்கூட்டைக் குறைந்த தசை தூக்கிச் சுமப்பதால் இப்படி இருக்கலாம் என்ற விளக்கம் உண்டு. ஆனால் சோதிக்கப்பட்ட திருநங்கைகள் 23 பேர்தான். ஒரே ஒருமுறைதான் அளந்தார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்க்கவில்லை.

பெரிய கேள்விகள் இங்கேதான் நிற்கின்றன. உச்சத்தில் போட்டியிடும் திருநங்கைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த தரவு மிகக் குறைவு. அப்படிப்பட்டவர்களே சிலர்தான் என்பதால் அது சீக்கிரம் கிடைக்கவும் போவதில்லை. உயரம் உதவும் நீச்சலுக்கும், மோதல் நிறைந்த ரக்பிக்கும், குறிபார்க்கும் வில்வித்தைக்கும் ஒரே பதில் இருக்குமா என்பதும் தெரியாது. ரக்பியின் உலக அமைப்பு காயத்தைக் காரணம் காட்டி 2020இலேயே கதவை மூடியது. அது புரிந்துகொள்ளக்கூடிய காரணம். அதே காரணத்தை வில்வித்தைக்குச் சொல்ல முடியாது.

சர்வதேசப் போட்டிகளில் தசையும் எலும்பும் தங்கிவிடும் உண்மையைத் தள்ளிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பருவத்தையே தொடாமல் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பள்ளி மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் இந்த ஆய்வுகளை அப்படியே நீட்டுவது தவறு. அவர்களைப் பற்றியவை அல்ல இவை.

நம் ஊரில் இந்த விவாதம் எழும்போதெல்லாம் சாந்தி சௌந்தரராஜனின் பெயரை இழுத்து வருகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி திருநங்கை அல்லர். பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற பிறகு, பாலினச் சோதனையைச் சொல்லி அவர் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவருடையது பிறவியிலேயே அமைந்த உடல் வேறுபாடு. அது வேறு கேள்வி. ஆனால் உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் ஓடும் எல்லோருக்கும் ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயம் என்று ஆக்கிவிட்டது. திருநங்கைகளை மனதில் வைத்துப் பேசப்படும் விதி, தன் உடம்பைப் பற்றி அதுவரை எதுவும் அறியாத ஒரு கிராமத்துப் பெண்ணையும் தொடும். சாந்திக்கு நடந்ததைப் பார்த்த நமக்கு அந்த விலை எவ்வளவு என்று தெரியும்.

லியாவின் வெற்றிக்கு மூன்று மாதம் கழித்து, 2022 ஜூனில், உலக நீச்சல் அமைப்பு விதியை மாற்றியது. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்கள் பெண்கள் பிரிவில் நீந்த முடியாது என்றது. லியா விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2024 ஜூனில் தீர்ப்பு வந்தது: அந்த அமைப்பின் போட்டிகளில் பங்கேற்கும் தகுதி நிலையில் அவர் இல்லாததால், அந்த விதியை எதிர்த்து வழக்காட அவருக்கு உரிமை இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஹீமோகுளோபின், தசை, எலும்பு எதைப் பற்றியும் அங்கே தீர்ப்பு சொல்லப்படவே இல்லை.