உச்சம் 50இல் வந்தால் பிழையா?

“மாமா, புத்தகத்தில 37 பாகையில நொதிய வேகம் உச்சம். எங்களுக்கு 50இல வந்திட்டுது. மாத்திக் கீறட்டோ?” உயர்தர உயிரியல் படிக்கும் மருமகள் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவே வரைபுத்தாளை விரித்தாள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில் அழிறப்பரை எடுப்பார்கள். எடுக்க வேண்டியதில்லை. 37 எங்கள் எச்சிலில் உள்ள அமிலேசுக்குச் சொல்லும் கணக்கு. அவள் எடுத்ததோ முளைப்பயறு அரைத்து, துணியில் வடித்த சாறு. பயறு எங்கள் உடம்புச் சூட்டில் வாழ வேண்டிய தேவை இல்லை. 1833இல் பிரான்சில் பயானும் பெர்சோவும் பிரித்தெடுத்த முதல் நொதியமும் இந்தச் சாற்றில் உள்ள அமிலேசின் இனம்தான், முளைத்த வாற்கோதுமையிலிருந்து வந்தது.

செய்முறை எளிது. மாப்பொருள் கரைசலையும் சாற்றையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து கலக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து, வெள்ளை ஓட்டில் வைத்த அயடீனில் விட வேண்டும். முதலில் கருநீலம், பிறகு கபிலம், கடைசியில் அயடீனின் சொந்த மஞ்சள். மாப்பொருள் தீர்ந்த அந்த நேரத்தைத்தான் குறிக்கிறோம். கொழும்பில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. புத்தகத்தின் அறை வெப்பநிலை 25 பாகை என்றாலும், பகலில் எங்கள் ஆய்வுகூடம் 30ஐ ஒட்டி நிற்கும். ஆகவே 20 பாகைக் குழாய்க்கு ஐஸ் வேண்டும், வெப்பமானியைக் குழாய்க்குள்ளேயே வைத்துப் பார்க்கவும் வேண்டும்.

புரிவதற்காக இலகுவான எண்களை வைத்துக்கொள்வோம். 20 பாகையில் 16 நிமிடம், 30இல் 8, 40இல் 4, 50இல் 3, 60இல் 5, 80இல் முடியவே இல்லை. நேரத்தையே வரைந்தால் மலைக்குப் பதில் பள்ளம் வரும். வேகம் வேண்டுமென்றால் 60ஐ நிமிடத்தால் வகுக்கலாம். அப்போது 3.75, 7.5, 15, 20, 12, பூச்சியம்.

இப்போது எண்களை மெதுவாகப் பாருங்கள். 40 பாகை வரை ஒவ்வொரு 10 பாகைக்கும் வேகம் இரட்டிக்கிறது. அதே கணக்கில் 50இல் 30 வந்திருக்க வேண்டும், வந்தது 20. 60இல் 60 வந்திருக்க வேண்டும், வந்தது 12. சூடு மூலக்கூறுகளை வேகமாக மோத வைப்பதை நிறுத்தவில்லை. அதே சூடு நொதியப் புரதத்தின் மடிப்பையும் அவிழ்க்கிறது. வேலை நடக்க நடக்க வேலையாள் குறைகிறான். ஆக இந்த மலை ஒரே காரணத்தால் ஏறி இறங்குவதில்லை, இரண்டு காரணங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதில்தான் அந்த உச்சம் பிறக்கிறது.

அதனால் உச்சம் நேரத்தையும் பொறுத்தது. பக்கத்து மேசைப் பிள்ளை சாற்றை மட்டும் நீர்த்தொட்டியில் 10 நிமிடம் வைத்திருந்து பிறகு கலந்தாள் என்று வைப்போம். 50இலும் 60இலும் அவளுடைய நொதியத்தில் பெரும்பகுதி மாப்பொருளைக் காணும் முன்பே போயிருக்கும், அவளுக்கு உச்சம் 40இல் வரும். இரண்டு பேரும் சரி. எவ்வளவு நேரம் சூட்டில் வைத்தீர்கள் என்று எழுதாத வரைபுதான் அரைகுறை. புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

வரைபின் இரு முனைகளும் கீழே கிடக்கின்றன, ஆனால் ஒன்றல்ல. ஐஸில் வைத்த குழாயையும் 80இல் வைத்த குழாயையும் 35 பாகைக்குக் கொண்டுவந்து மறுபடி துளி எடுத்துப் பாருங்கள். முதலாவது நிமிடங்களில் மஞ்சளுக்கு வரும். இரண்டாவது கருநீலமாகவே நிற்கும். அவித்த முட்டை ஆறினாலும் பச்சை முட்டை ஆகாது.

“ஆனா மாமா, ஒராள் 80இலயும் உடன மஞ்சள் வந்திட்டுது எண்டா.”

அவன் அயடீனைச் சூடான குழாய்க்குள்ளேயே ஊற்றியிருப்பான். மாப்பொருளோடு அயடீன் சேர்ந்த நீலம் சூட்டில் தானாகவே மங்கிவிடும், மாப்பொருள் அப்படியே இருந்தாலும். குழாயை ஆறவிட்டால் நீலம் திரும்பும். நொதியம் மாப்பொருளைத் தின்றிருந்தால் திரும்பாது. ஓட்டில் துளி விடுவதற்கு இது ஒரு நல்ல காரணம், துளி உடனே ஆறிவிடும்.

அவளுடைய தாளிலும் 40க்கும் 50க்கும் இடையிலான வித்தியாசம் ஒரே நிமிடம். அரை நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் அது இரண்டே துளி. சாற்றில் அதே அளவு நீர் கலந்து, 35, 40, 45, 50, 55இல் மட்டும் மறுபடி செய்யச் சொன்னேன். நேரங்கள் குறைந்தது இரட்டிக்கும், உச்சம் எங்கே நிற்கிறதென்று தெளிவாகத் தெரியும். சூட்டில் கூடுதல் நேரம் நிற்பதால் அது கொஞ்சம் இடப்பக்கம் நகரவும் கூடும்.