உச்சி முதல் பிருஷ்டம் வரை

"கடைசியாக எப்போதம்மா தலைக்குக் குளித்தாய்?" என்று கேட்டு, விரல் மடக்கிப் பிரசவ நாளைச் சொல்லிவிடும் பாட்டிமார்களை நாம் அறிவோம். வைத்தியர்களும் அதையேதான் செய்கிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை எண்ணுகிறார்கள். ஆனால் இக்கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மாதவிலக்கு 28 நாட்களுக்கு ஒரு முறை வருவதாகவும், பதினான்காம் நாளில் கரு உண்டாவதாகவும் அது வைத்துக் கொள்கிறது. எல்லாப் பெண்களும் இந்தப் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்படுவதில்லையே!

ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஹ்யூ ராபின்ஸன் என்னும் வைத்தியர் 1973-ல் வேறொரு வழியை வெளியிட்டார். ஒலியலைகளைக் கொண்டு கர்ப்பத்தினுள் இருக்கும் சிசுவின் உச்சந்தலையிலிருந்து பிருஷ்டம் வரையுள்ள நீளத்தை அளந்து, அதிலிருந்து வயதைக் கணக்கிடுவதே அது. கால்களை அளப்பதில்லை, அவை மடங்கியிருக்கும். ஆரம்ப வாரங்களில் எல்லாச் சிசுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. பெற்றோரின் உயரமும் தாயின் போஷாக்கும் தம் கைவரிசையைக் காட்டுவது பிற்பாடுதான். ஆகவே இக்காலத்து அளவு, சுமார் ஐந்து நாட்கள் முன்பின்னாக வயதைச் சொல்லிவிடுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு 2025 ஜனவரி 1-ந் தேதி மாதவிலக்கு. மார்ச் 19-ந் தேதி ஸ்கான். தேதிக் கணக்குப்படி 11 வாரம் ஆகியிருக்க வேண்டும். சிசுவின் நீளமோ 23 மில்லிமீட்டர்; அட்டவணைப்படி அது 9 வாரம். (மில்லிமீட்டருடன் 42-ஐக் கூட்டினால் நாட்கணக்கு ஏறக்குறைய வரும்; இங்கே 65.) இருதயத் துடிப்பு நன்றாயிருந்தது. விசாரித்ததில், அவளுக்கு மாதவிலக்கு 42 நாட்களுக்கு ஒரு முறைதான் வருவது வழக்கமாம். மர்மம் விளங்கிவிட்டது. பிரசவ நாள் அக்டோபர் 8 அல்ல, 22. பழைய தேதியையே நம்பியிருந்தால் அக்டோபர் 15-ல், "நாள் தள்ளிப் போய்விட்டது" என்று, உண்மையில் 39 வாரமே நிரம்பியவளுக்கு மருந்து கொடுத்து வலியை வரவழைத்திருப்பார்கள்.

அளப்பதிலும் பிழை நேரலாம். சிசு குனிந்து மோவாய் மார்பில் பட்டிருந்தால் நீளம் குறையும். அருகிலுள்ள கருவுணவுப் பையைச் சேர்த்து அளந்தால் கூடும். எனவே சிசு இயல்பாய்ப் படுத்திருக்கும்போது பக்கவாட்டில் முழு உருவம் தெரியும்படி சில முறை அளக்க வேண்டும். நீளம் 84 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் இம்முறை உதவாது; அப்போது தலையின் சுற்றளவையே பார்ப்பார்கள்.

இன்னொன்று. வித்தியாசம் ஓரிரு நாட்களானால் பழைய தேதியே நிற்கும். ஒன்பது வாரத்துக்குப் பின் ஏழு நாட்களுக்கு மேலானால்தான் மாற்றுவது வழக்கம். ஒரு முறை ஸ்கானால் நிச்சயித்த தேதியைப் பின்னால் எடுக்கும் ஸ்கான்களைக் கொண்டு மாற்றலாகாது. எட்டாம் மாதத்தில் குழந்தை சிறிதாயிருந்தால், தேதி தவறு என்று சமாதானம் செய்து கொள்ளாமல், வளர்ச்சி ஏன் குன்றிற்று என்றுதான் வைத்தியர் ஆராய வேண்டும்.