வாய்முறைப்பாடு போதாது: பாடசாலையிடம் எழுதிக் கேட்க வேண்டியவை

ஓட்டிசம் என்னும் மதியிறுக்கமோ கற்றல் இடர்ப்பாடோ உள்ள பிள்ளையைப் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் சீண்டினால், பெற்றோர் முதலில் செய்வது அதிபரிடம் போய்ச் சொல்வதுதான். மஸ்கெலியாவில் கொழுந்து எடுக்கும் தாய்க்கு அதற்கே அரை நாள் சம்பளம் போய்விடும். அதிபர் சீண்டியவர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பார், இனிக் கவனமாகப் பார்ப்பதாகச் சொல்வார். சில வாரங்களில் அதே சீண்டல் திரும்ப வரும். கண்டிப்பு சீண்டியவரைத்தான் தொடுகிறது. பிள்ளை எந்த நேரத்தில், எந்த இடத்தில் துணையின்றி நிற்கிறது என்பதை அது மாற்றுவதில்லை. அதை மாற்ற வேண்டுமானால், முறைப்பாட்டோடு சேர்த்து, இன்னின்ன உதவி வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

2016இல் வெளியான ஒரு சர்வதேசத் தொகுப்பாய்வு, மதியிறுக்கமுள்ள பாடசாலைப் பிள்ளைகளில் சுமார் 44 வீதமானோர் சீண்டலுக்கு ஆளாவதாகக் கணித்தது. சுமார் 16 வீதமானோர் சீண்டலுக்கு ஆளாவதோடு மற்றவர்களையும் துன்புறுத்துபவர்களாகப் பதிவானார்கள். இந்த இரண்டாவது எண்ணை ஊன்றிப் பார்க்க வேண்டும். இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்தும் பிள்ளையின் காதருகே போய்க் கத்தினால் அது கொதித்தெழும் என்பதை வகுப்புத் தோழர்கள் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்க்கும்போது தெரிவது அந்தப் பிள்ளை ஓங்கிய கை மட்டுமே. அதற்கு முன் நடந்ததை வரிசையாகச் சொல்ல அதனால் முடியாது, தண்டனையும் அதற்கே கிடைக்கிறது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கோ, வகுப்பின் முன் தவறாக வாசித்த ஒரு சொல்லே பட்டப்பெயராகிவிடுகிறது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலதுகுறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்துக்கான அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அனுமதிக்குப் பிறகு வகுப்பறைக்குள் என்ன உதவி தர வேண்டும் என்பதை அந்தப் பிரிவு விரித்துச் சொல்வதில்லை. இலங்கை 2016இல் உறுதிப்படுத்திய, வலதுகுறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது: பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களும் தனிப்பட்ட ஆதரவும் வேண்டும். இதைச் சுட்டிக்காட்டியே கடிதம் எழுதலாம். அந்த உதவி எப்போது, யாருடைய பொறுப்பில் கிடைக்கும் என்பது தானாக முடிவாகிவிடாது என்பதால், கடிதமே அவற்றைக் கேட்க வேண்டும்.

மஸ்கெலியாவில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கடிதத்தின் முதற்பகுதியில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும்: எந்தத் திகதி, இடைவேளையா வகுப்பு நேரமா, குழாயடியா மைதானமா, யார் பார்த்தார்கள், என்ன காயம். “எப்போதும் அடிக்கிறார்கள்” என்ற ஒரு வரியைவிடத் திகதியுள்ள மூன்று சம்பவங்கள் வலுவானவை. அடுத்து, பிள்ளைக்கு எது கடினம் என்பது: திடீர் இரைச்சல், ஒரே மூச்சில் சொல்லப்படும் பல கட்டளைகள், சத்தமாக வாசிப்பது. மூன்றாவது, வேண்டும் உதவி: “இடைவேளையில் பொறுப்பான ஓர் ஆசிரியரின் பெயரைக் குறிப்பிடுங்கள். ஆசிரியர் மேசைக்கு அருகே இடம் கொடுங்கள். கலவரப்படும்போது பத்து நிமிடம் அமைதியாக இருக்க ஓர் இடம் தாருங்கள். விருப்பமில்லாமல் வகுப்பின் முன் வாசிக்கச் சொல்லாதீர்கள். கைகலப்பு நடந்தால் தண்டிக்குமுன் அதற்கு முன் நடந்ததை விசாரியுங்கள்.” கடைசியாக, இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதிலும், ஆறு வாரத்தில் மீளாய்வுக் கூட்டமும் கேட்க வேண்டும். இரு பிரதிகள் எடுத்து, ஒன்றில் அதிபரின் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். இன்னொரு பிரதியை ஹட்டன் வலயக் கல்விப் பணிமனைக்கு, விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியின் கவனத்துக்கு அனுப்பலாம்.

எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பட்டப்பெயர் ஏற்கெனவே விழுந்துவிட்டது. கடிதத்தை வகுப்பில் வாசிக்க வேண்டியதில்லை. பொறுப்பான ஆசிரியர்கள் மட்டுமே அறிய வேண்டும் என்று அதிலேயே எழுதலாம். வைத்தியச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லையே என்பது அடுத்த தயக்கம். பாதுகாப்புக் கேட்கச் சான்றிதழ் தேவையில்லை. குடும்ப நல உத்தியோகத்தர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டி, மேல் பரிசோதனைக்கான கடிதத்தைப் பெற்றுக்கொண்டே இதையும் நடத்தலாம். பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகை கேட்கும்போது மருத்துவ அறிக்கை வேண்டும் என்பதால், அந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவருக்கு மட்டும் எப்படி என்று ஆசிரியர்கள் கேட்பதில் உண்மை இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளின் ஆளணிக் குறை அவர்கள் உண்டாக்கியதல்ல. அதனாலேயே, புதிய ஆளோ பணமோ தேவைப்படாத மாற்றங்களை முதலில் கேட்க வேண்டும். மேலே சொன்ன ஐந்தும் அப்படிப்பட்டவையே. பிள்ளையை விசேட கல்வி அலகுக்கு மாற்றுங்கள் என்று சொன்னால், அது பிள்ளையின் கற்றலுக்காகவா, சீண்டலை ஒதுக்கி வைக்கவா என்று கேட்க வேண்டும். அடிபட்ட பிள்ளையை வெளியே அனுப்புவதால் அடித்தவர்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால், கையொப்பமிட்ட பிரதியோடு வலயக் கல்விப் பணிப்பாளரிடம் போகலாம். காயமோ கடும் அச்சமோ இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை உடனே அழைக்க வேண்டும். அரச பாடசாலை தெரிந்தும் பாராமுகமாக இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். நீதிமன்றம் போவதானால், உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த இடங்களில் எல்லாம், பாடசாலைக்கு எப்போது தெரியும் என்று கேட்பார்கள். அதற்குத் திகதியோடு பதில் சொல்ல, அதிபர் கையொப்பமிட்ட அந்தப் பிரதி வேண்டும்.