பூட்டிய வீட்டுக்கு ரூ.11,140: மின்வாரியத்துக்கு ஒரு கடிதம்

வெளிநாட்டில் வாழும் குடும்பத்தின் பூட்டிய வீட்டுக்குப் பெருந்தொகையில் மின்கட்டணம் வந்தால், மீட்டர் பழுது என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் மீட்டர் சரியாகவே ஓடியிருக்கும். கணக்கெடுத்த விதத்தில்தான் பிழை இருக்கும். எது நடந்தது என்பதைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே கண்டறிந்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுகிறது. 2024 ஜூலை விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும். மீட்டர் பூட்டிய கேட்டுக்குள் இருந்தால் கணக்கீட்டாளர் அளவு எடுக்க முடியாது. அந்த முறை 0 யூனிட் என்று பதிவாகி, அதுவே அடுத்தடுத்துத் தொடர்ந்தால் சிக்கல் சேர்ந்துகொண்டே போகும்.

ஓர் எடுத்துக்காட்டு: சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு குடும்பம் தஞ்சாவூர் வீட்டைப் பதினெட்டு மாதம் பூட்டி வைத்திருக்கிறது. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், கண்காணிப்புக் கேமரா மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு இரண்டரை யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 150 யூனிட். ஒன்பது தவணைக்கும் சேர்த்து 1,350 யூனிட். முறையாகக் கணக்கெடுத்திருந்தால் ஒவ்வொரு தவணையிலும் 100 யூனிட் இலவசம் போக, மீதி 50 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம் ரூ.117.50 வரும். ஒன்பது தவணைக்கு ரூ.1,058.

அந்த 1,350 யூனிட்டும் ஒரே தவணையில் பதிவானால் இலவசம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். மீதி யூனிட்டுகள் 4.80 ரூபாயில் தொடங்கி, ஆயிரத்தைத் தாண்டியவை 11.80 ரூபாய்க்குப் போய்விடும். 2024 ஜூலை விகிதப்படி தொகை ரூ.11,140. எரிந்த மின்சாரம் அதேதான். கட்டணம் பத்து மடங்குக்கு மேல்.

இதுதான் காரணமா என்று பார்க்க, ஊரில் உள்ள உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போனால் போதும். மீட்டர் திரையில் kWh என்ற குறியுடன் வரும் எண்ணை முதலில் படம் எடுக்க வேண்டும். அந்த எண் பில்லில் உள்ள அளவைவிடக் குறைவாக இருந்தால், அளவு தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. பில்லோடு ஒத்துப்போனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அணைத்த பிறகும் எண் ஏறினால் மீட்டர் பழுதாக இருக்கலாம், அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் இடையில் யாரோ மின்சாரம் எடுக்கலாம். அணைத்ததும் ஏற்றம் நின்றுவிட்டால், வீட்டுக்குள் ஓடும் கருவிகளோ மின்கசிவோதான் காரணம்.

கடிதம் அந்தப் பகுதியின் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்குப் போக வேண்டும். மின் இணைப்பு எண், பில் தேதி, கடைசியாக நேரில் எடுக்கப்பட்ட அளவு, இன்றைய அளவு ஆகியவை முதல் பத்தியிலேயே இருப்பது நல்லது. கோரிக்கை இப்படி அமையலாம்:

“ஐயா, பதினெட்டு மாதமாக எங்கள் வீடு பூட்டியிருந்ததால் மீட்டர் அளவு எடுக்கப்படவில்லை. தற்போது 1,350 யூனிட்டும் ஒரே தவணையில் கணக்கிடப்பட்டுள்ளது. இந்தப் பயன்பாட்டை நாங்கள் மறுக்கவில்லை. இதனை ஒன்பது தவணைகளுக்கும் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு தவணைக்கும் உரிய இலவச யூனிட்டுகளைக் கழித்து, திருத்திய பில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மீட்டரைப் பார்வையிட வரும்போது எங்கள் உறவினர் வீட்டைத் திறந்துவிடுவார்.”

பாஸ்போர்ட்டில் பயண முத்திரை உள்ள பக்கங்களின் நகல், தேதி தெரியும் மீட்டர் படங்கள், உறவினருக்கு அளிக்கும் அதிகாரக் கடிதம் ஆகிய மூன்றையும் இணைக்க வேண்டும். முத்திரை ஆள் இல்லாததைத்தான் காட்டும், மின்சாரம் ஓடவில்லை என்பதைக் காட்டாது. அதனால் மீட்டர் படமே முக்கியச் சான்று. மீட்டர் மீதே ஐயம் இருந்தால் கோரிக்கை மாறும்: கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கக் கேட்க வேண்டும். கடிதத்தை நேரில் கொடுத்தால், நகலில் அலுவலக முத்திரையுடன் ஒப்புகை வாங்கிவிட வேண்டும்.

கடிதம் போய்விட்டது என்பதால் பணம் கட்டும் கடைசித் தேதி தள்ளிப்போகாது. மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆவது பிரிவுப்படி, இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்து மூல அறிவிப்பு தர வேண்டும். கேட்கப்பட்ட தொகை, முந்தைய ஆறு மாதத்தில் செலுத்திய கட்டணத்தின் சராசரிப்படி வரும் தொகை, இவ்விரண்டில் குறைவானதை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. அந்த ஆட்சேபத்தையும் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்.

பிரிவு அலுவலகத்தில் பதில் கிடைக்காவிட்டால், மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒப்புகை பெற்ற அந்த முதல் கடிதம்தான் இரண்டு இடத்திலும் அடிப்படை ஆவணம்.